பூதக்கண்ணாடியும் மீட்டர்காரரின் உயிலும்

அலுவலகத்தில் அந்த அம்மாளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், நேரில் 'மேடம்'தான். ஆனால் இருபத்தாறு வருஷமாக முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் பெயர் காதில் விழாமலா இருக்கும்? விழுந்தது. அந்த அம்மாளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. உண்மையில் அவர் பூதக்கண்ணாடியைக் கையில் எடுப்பது அபூர்வம். மேசைமேல் இரட்டைக் கண் நுண்ணோக்கி இருக்கும்போது பூதக்கண்ணாடி எதற்கு?

அரசுத் தடயவியல் ஆய்வகத்தின் மூன்றாம் மாடியில், ஆவணப் பிரிவு என்று எழுதிய கதவுக்குப் பின்னால் அவருடைய ராஜ்ஜியம். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, நான்கு மேசை, தாளைத் தொடுவதற்கு முன் மாட்டிக்கொள்ளும் கையுறைப் பெட்டி, 'இங்கே யாரும் டீ குடிக்கக் கூடாது' என்ற அறிவிப்பு. அந்த அறிவிப்பின் ஓரத்திலேயே ஒரு டீக்கறை உண்டு. அது யார் கோப்பையிலிருந்து விழுந்தது என்பதை இவ்வளவு கருவிகள் இருந்தும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்காததற்குக் காரணம் அந்தக் கோப்பை மேடத்துடையது என்று ஒரு பேச்சு.

கல்யாண வீட்டுக்குப் போனால் தொல்லை. யாராவது ஒரு சித்தியோ அத்தையோ கைப்பையிலிருந்து ஒரு தாளை உருவி, "இந்தப் பையன் எழுதினதும்மா, நல்லவனான்னு பாத்துச் சொல்லேன்" என்று நீட்டுவார்கள்.

"அத்தை, குணமெல்லாம் கையெழுத்துல தெரியாது. அது ஜோசியம். இதை அவன்தான் எழுதினானா, வேற யாராவது எழுதினாங்களான்னு வேணா சொல்றேன்."

"அதைத் தெரிஞ்சுட்டு நான் என்ன பண்றது?" என்று அத்தை தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் கடைக்கு எழுதிப் போகும் பட்டியலில் கடைசி இரண்டு சாமான் வேறு பேனாவில் இருந்தால் அம்மாள் விட மாட்டார். "இது அப்புறம் சேத்ததுதானே? உங்க அக்கா போன் பண்ணாங்களா?" மனிதர் பாவம், இப்போதெல்லாம் பட்டியல் எழுதுவதையே விட்டுவிட்டு மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்.

இந்த இருபத்தாறு வருஷத்தில் அவர் கொடுத்த அறிக்கை ஒன்றுகூட நீதிமன்றத்தில் குப்புற விழுந்ததில்லை. அதை அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார். அப்படிப்பட்டவரை ஒரு உயில் வந்து உட்கார விடாமல் செய்தது.

உயில் ஒரு மீட்டர்காரருடையது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதும் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது மாதம் முன்னால் இறந்துவிட்டார். சொத்து ஒரு வீடு. மாடியில் இரண்டு அறை, கீழே மருமகளின் தையற்கடை. மருமகள் என்றாலும் சட்டப்படி முன்னாள் மருமகள். மகன் அவளை விவாகரத்து செய்துவிட்டு ஊரின் மறுகோடிக்குப் போய், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தான். அவன் போன பிறகும் அவள் போகவில்லை. மாமனாரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, திட்டி, திட்டு வாங்கி, கடைசிவரை பார்த்துக்கொண்டாள். வீடு அவளுக்கே என்று நான்கு வருஷத்துக்கு முந்தைய தேதியிட்ட உயில் சொன்னது. கணினியில் அடித்து எடுத்த இரண்டு பக்கம், ஒவ்வொன்றின் அடியிலும் கிழவரின் கையெழுத்து, இரண்டாம் பக்கத்தில் இரண்டு சாட்சிகள். ஒரு சாட்சி இறந்துபோனார். இன்னொருவருக்கு மறதி நோய், தன் பெயரையே பிறரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை.

மகன் வழக்குப் போட்டான். "இது எங்கப்பா கையெழுத்தே இல்ல. அப்பா போனதுக்கப்புறம் அவ தயார் பண்ணினது" என்பது அவன் வாதம். உயில் பொய் என்று ஆனால் வீடு மகனுக்கு. மருமகள் தையல் மெஷின்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

நீதிமன்றம் ஆய்வகத்திடம் மூன்று கேள்வி கேட்டது. கையெழுத்து மீட்டர்காரருடையதா? மை எப்போதையது? தாள் எப்போதையது? ஒப்பிட்டுப் பார்க்க, அவருடைய கையெழுத்து என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பதினான்கு மாதிரிகளும் கூடவே வந்தன. வங்கியின் மாதிரிக் கையெழுத்து அட்டை, எரிவாயு இணைப்பு விண்ணப்பம், தொலைபேசி விண்ணப்பம், காப்பீட்டுத் தாள்கள். எல்லாமே சர்ச்சை எழுவதற்கு முன்பு, அன்றாடக் காரியத்துக்காகப் போட்டவை. மருமகளின் வக்கீலும் மறுக்கவில்லை. வங்கி அட்டையை யார் மறுப்பார்கள்?

அம்மாள் முதல் நாளே பார்த்துவிட்டார். உயிலில் உள்ள இரண்டு கையெழுத்தும் ஒரே கை. மாதிரிகள் பதினான்கும் ஒரே கை. அந்தக் கையும் இந்தக் கையும் வேறு வேறு. மாதிரியில் முதல் எழுத்தின் சுழி இடமாகச் சுற்றி மேலே ஏறுகிறது. உயிலில் வலமாகச் சுற்றிக் கீழே இறங்குகிறது. எழுத்துகள் ஒன்றோடொன்று சேரும் இடம், உயரத்தின் விகிதம், கோடு முடியும் விதம், எதுவும் ஒத்துப்போகவில்லை. உயிலில் கையெழுத்துக்கு அடியில் இரண்டு புள்ளி வேறு. மாதிரி ஒன்றிலும் புள்ளி கிடையாது.

'மாதிரிகளை எழுதியவர் உயிலின் கையெழுத்துகளை எழுதவில்லை' என்று வரைவு அறிக்கை தயாரானது. கையொப்பமிட வேண்டியதுதான் பாக்கி. பேனாவைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

அப்போது அடுத்த அறையிலிருந்து மைக்காரர் வந்தார். வேதியியல் பிரிவுக்காரர், மையோடு மல்லாடுவதே வேலை என்பதால் அந்தப் பெயர்.

"மேடம், உங்க உயில் மை முடிஞ்சிடுச்சு. ரெண்டு பக்கத்துலயும் ரெண்டு வேற பேனா."

"தெரியும். அகச்சிவப்பு வெளிச்சத்துல முதல் பக்கத்துக் கையெழுத்து மறைஞ்சே போகுது, ரெண்டாவது கறுப்பா நிக்குது. வெறும் கண்ணுக்கு ரெண்டும் ஒரே நீலம். மகனோட வக்கீல் இதைக் கேட்டா குதிப்பாரு."

"குதிக்கட்டும். முதல் பக்கத்தைச் சாய்வு வெளிச்சத்துல பாத்தீங்களா?"

பார்த்திருந்தார். கையெழுத்தின் கடைசிப் பாதியில் பேனா தாளை அழுத்திய பள்ளம் இருக்கிறது, மை இல்லை. விட்டு விட்டு வந்து, கடைசிப் புள்ளிக்குப் பள்ளம் மட்டுமே மிச்சம். பேனா பாதியில் தீர்ந்திருக்கிறது. கிழவர் அடுத்த பக்கத்துக்குச் சாட்சியின் பேனாவை வாங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டாம் பக்கத்தில் அவர் மையையும் சாட்சியின் மையையும் எந்தச் சோதனையிலும் பிரிக்க முடியவில்லை.

"ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல," என்றார் மைக்காரர். "நீதிமன்ற அனுமதியோட குண்டூசித் தலை அளவுக்குச் சில துளி வெட்டி எடுத்தோம்ல? பந்துமுனைப் பேனா மையில ஒரு கரைப்பான் இருக்கும், அது மெல்ல மெல்ல ஆவியாகும். புது மைன்னா சூடு பண்ணினதும் பொலபொலன்னு வெளியே வரும். ரெண்டு வருஷம் தாண்டிட்டா கிட்டத்தட்ட ஒண்ணும் வராது. இதுல வரவே இல்ல."

"அப்ப ஒன்பது மாசத்துக்குள்ள போட்டதில்லங்கிறீங்க."

"நான் அப்படிச் சொல்லலையே. புதுசா போட்டதுக்கு ஆதாரம் இல்லன்னு சொல்றேன். சூடான இடத்துல வெச்சிருந்தா சீக்கிரம் காயும். நாலு வருஷமா, மூணான்னெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க, எனக்குத் தெரியாது."

மைக்காரர் எதையும் உறுதியாகச் சொல்லாத ஆள். சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூட 'சாப்பிட்டதற்கான அறிகுறிகள் உள்ளன' என்பார். அவரே இந்த அளவுக்குச் சொன்னது அம்மாளுக்கு உறுத்தியது.

தாளும் அதே பாட்டைத்தான் பாடியது. புறஊதா விளக்கில் இரண்டு தாளும் ஒரே மாதிரி நீலமாக ஒளிர்ந்தன, தடிமனும் ஒன்று. நான்கு வருஷத்துக்கு முன்பே கடைகளில் கிடைத்த ரகம்தான். தாளின் வயதைக் கேட்பவர்களுக்கு அம்மாள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: தாள் எப்போது பிறந்தது என்று சில சமயம் சொல்லலாம், அதில் எப்போது எழுதினார்கள் என்பதைத் தாள் சொல்லாது. பழைய தாளை வைத்துக்கொண்டு இன்றைக்கும் எழுதலாமே.

இதையெல்லாம்விட அவரை அரித்தது வேறு. மறுபடி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். உயிலின் கையெழுத்தில் வயதான கையின் நடுக்கம் இருந்தது, ஆனால் வேகமும் இருந்தது. கோடுகள் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மெலிந்து ஓடின. பார்த்துப் போடுகிறவன் கை இப்படி ஓடாது. நின்று நின்று போகும், நடுவில் பேனாவைத் தூக்கும், சரியாக வரவில்லையென்றால் திரும்ப வந்து ஒட்டுப்போடும், அழுத்தம் ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே சீராக இருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. அதைவிட முக்கியம், திருட்டுக் கையெழுத்து போடுகிறவன் அசலைப் பார்த்துத்தானே போடுவான்? இது மாதிரியைப் போல இருக்க முயற்சிகூடச் செய்யவில்லை. வங்கி அட்டையைக் கண்ணாலேயே பார்க்காத ஒரு திருடன், ஆனால் தைரியமாக, படு வேகமாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்டிருக்கிறான், அடியில் இரண்டு புள்ளி வேறு வைத்திருக்கிறான்.

"இவ்வளவு சோம்பேறித் திருடனை நான் பாத்ததே இல்ல," என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

இயக்குநருக்குப் பொறுமை இல்லை. "மேடம், மாதிரி வேற, உயில் வேறன்னு உங்களுக்கே தெரிஞ்சிடுச்சு. எழுதிக் கையெழுத்து போட்டு அனுப்ப வேண்டியதுதானே? வரிசையில நாப்பது கேஸ் நிக்குது."

"நான் எழுதினது ஒவ்வொரு எழுத்தும் உண்மை சார். ஆனா அதைப் படிக்கிற நீதிபதி உயில் பொய்னு எடுத்துப்பாரு. அது உண்மையான்னு எனக்குத் தெரியல."

"அது நீதிபதி வேலை."

"வீடு போறது அந்தப் பொண்ணுக்கு சார்."

இயக்குநர் ஒரு வாரம் கொடுத்தார். கொடுத்த விதத்தைப் பார்த்தால் தன் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது போல இருந்தது.

அம்மாளுக்கு ஒரு வாரம் தாராளம். யாரும் கேட்காத ஒரு சோதனை பாக்கி இருந்தது. ஒரு தாளுக்கு மேல் இன்னொரு தாளை வைத்து எழுதினால், அடித்தாளில் கண்ணுக்குத் தெரியாத அழுத்தம் பதிந்திருக்கும், வருஷங்கள் கழித்தும் இருக்கும். உயிலின் தாளை ஈரப்பதமுள்ள பெட்டியில் சற்று நேரம் வைத்து எடுத்து, உலோகத் தட்டில் படுக்கவைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை இழுத்து மூடி, மின்னேற்றம் கொடுத்து, கருந்தூளை வழியவிட்டார். தூள் பள்ளங்களை ஒட்டிக்கொண்டு வரி வரியாக எழும்பியது. மைக்காரரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

முதலில் ஒரு தேதி தெரிந்தது. உயிலின் தேதிக்குப் பதினெட்டு நாள் பின்னால். பிறகு 'ஆணையர் அவர்களுக்கு' என்று ஒரு வரி. அதற்கு அடியில் 'பொருள்: மூடியில்லாத சாக்கடை'. அதற்கும் அடியில், நல்ல அழுத்தமாக, 'நாற்பத்தேழாவது நினைவூட்டல்'.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையுறையோடு வாயைப் பொத்திக்கொள்ள முடியாமல், திரும்பிச் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"உயிலை அட்டையா வெச்சுக்கிட்டு நகராட்சிக்குப் புகார் எழுதியிருக்காரு மனுஷன்," என்றார் மைக்காரர். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒன்றை உறுதியாகச் சொன்னார். உடனே சுதாரித்துக்கொண்டு, "எழுதியிருக்க வாய்ப்பு உண்டு," என்று சேர்த்தார்.

நாற்பத்தேழு நினைவூட்டல் அனுப்பியவர் நாற்பத்தேழு கையெழுத்துப் போட்டிருப்பார். நகராட்சி எதைத் தொலைத்தாலும் புகாரைத் தொலைக்காது, நடவடிக்கை எடுக்காத கோப்புதான் அங்கே ஆயுசுக்கும் இருக்கும். நகராட்சிக்கு வந்த மீட்டர்காரரின் கடிதங்களையெல்லாம் வரவழைக்க வேண்டும் என்று அம்மாள் நீதிமன்றத்துக்கு எழுதினார்.

வந்தன. ஒரு குமாஸ்தா இரண்டு கட்டுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, மூன்று மாடி ஏறி, மூச்சுவாங்க வந்து சேர்ந்தார். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு கடிதம். சாக்கடை, தெருவிளக்கு, நாய், குப்பைத்தொட்டி, குப்பைத்தொட்டியை வைத்த இடம், குப்பைத்தொட்டியை எடுத்துவிட்ட செய்கை.

"அவர் நேர்ல வந்துதாம்மா கொடுப்பாரு. கண்ணு முன்னாடியே கையெழுத்து போட்டு, நாங்க முத்திரை குத்துற வரைக்கும் நகர மாட்டாரு. தேதி சரியா விழலைன்னா இன்னொரு தடவை குத்தச் சொல்வாரு." குமாஸ்தா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பாத்துட்டுப் பத்திரமா திருப்பிக் கொடுத்துடுங்கம்மா. ஒண்ணு காணாமப் போனாலும் மேலேர்ந்து ஒரு புகார் வந்துடும்."

அம்மாளுக்குப் பசி தூக்கம் மறந்துபோனது. முதல் கடிதம் இருபத்திரண்டு வருஷம் முந்தையது. மருமகள் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு ஏழு வருஷம் முன்னால். அவள் எழுதியிருக்க வழியே இல்லை. ஒவ்வொன்றிலும் நகராட்சியின் தேதி முத்திரை. ஒவ்வொன்றின் அடியிலும், வலமாகச் சுற்றிக் கீழே இறங்கும் சுழியோடு, அந்தக் கையெழுத்து. அடியில் இரண்டு புள்ளி.

உயில் காலத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு வருஷக் கடிதங்களை எடுத்து வரிசையாக அடுக்கினார். கை மெல்ல மெல்ல நடுங்க ஆரம்பிப்பது தெரிந்தது. எந்த இரண்டு கையெழுத்தும் அச்சடித்தது போல ஒன்றாக இல்லை, ஒரு மனிதர் கைக்கு இருக்க வேண்டிய சின்னச் சின்ன வித்தியாசத்தோடு இருந்தன. உயிலின் இரண்டு கையெழுத்தும் அந்த வரிசைக்குள் வீட்டுப் பிள்ளைகள் போலப் போய் உட்கார்ந்துகொண்டன. நாற்பத்தேழாவது நினைவூட்டலும் கிடைத்தது. உயில் தாளில் எழும்பிய வரிகளின் மேல் அதன் படத்தை வைத்தால் எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. அந்தத் தாள் அன்றைக்கு அந்தக் கடிதத்துக்கு அடியில் இருந்தது என்பது நிச்சயம். அப்போதே அதில் உயில் அச்சாகி இருந்ததா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது, அதையும் மறக்காமல் எழுதி வைத்தார்.

சரி, உயில் கிழவருடையது. அப்படியென்றால் வங்கி அட்டையில் இருப்பது யார்?

இத்தனை நாள் எல்லாரும் அளவுகோலை நம்பித் துணியைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அம்மாள் உட்பட. ஒப்புக்கொண்ட மாதிரி என்று முத்திரை குத்தி வந்துவிட்டால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை, அந்தத் தொழிலின் பழக்கம் அது. தன் பேனா வரைவு அறிக்கைக்கு மேல் எத்தனை தடவை திறந்திருந்தது என்று எண்ணிப் பார்த்தார். ஒரு கையெழுத்து போட்டிருந்தால் போதும், அந்தப் பெண்ணின் வீடு போயிருக்கும்.

அடுத்த வேண்டுகோள்: இரு தரப்பும் நீதிமன்றத்தில் எழுதிக் காட்ட வேண்டும். அம்மாளே போய் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு. எழுதியதும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், முந்தையதைப் பார்த்து எழுத முடியாது. மாதிரியைக் காட்டவும் மாட்டார்கள். மீட்டர்காரரின் பெயர் உட்பட ஒரு பத்தியை எழுத்தர் வாசிப்பார், இவர்கள் எழுத வேண்டும், இருபது தடவை.

மருமகள் மெதுவாக, உருண்டையாக எழுதினாள். எந்தப் பக்கத்தோடும் ஒட்டவில்லை.

மகன் முதல் ஐந்து சீட்டில் அப்பா பெயரை ஒழுங்காக எழுதினான். ஆறாவதில் கை சலித்துவிட்டது போலிருக்கிறது. பெயர் வந்த இடத்தில் பேனா தானாக ஒரு சுற்றுச் சுற்றி, இடமாகச் சுழித்து மேலே ஏறி, நீளமாக ஒரு கோட்டை இழுத்துவிட்டது. வங்கி அட்டையின் கையெழுத்து, அச்சு அசல். ஏழாவதிலும் அதுதான். பத்தாவதை நீட்டும்போது பெருமையாகச் சொல்லவும் செய்தான்.

"பாத்தீங்களா மேடம், அப்பா கையெழுத்து எனக்கும் அப்படியே வருது. ரத்தம்ல?"

அம்மாள் பதினொன்றாவது சீட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தார். சிரித்துவிடாமல் இருக்கக் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. நீதிமன்ற அறையில் மின்விசிறி ஒன்று சுற்றியது, ஒன்று சத்தம் மட்டும் போட்டது. மருமகள் பின் வரிசையில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். விரலில் தையல் ஊசி குத்திய இடங்களில் பிளாஸ்திரி. அம்மாள் அரை மணி நேரம் படங்களை வைத்து விளக்கினார். மகனின் வக்கீல் எழுந்தார்.

"நீங்க மை நாலு வருஷம் பழசுன்னு சொல்றீங்க?"

"இல்ல. புதுசுன்னு சொல்ல ஆதாரம் இல்லன்னு சொல்றேன்."

"தாள்?"

"உயில் தேதிக்குப் பதினெட்டு நாள் கழிச்சு அந்தத் தாள் மீட்டர்காரரோட கடிதத்துக்கு அடியில இருந்திருக்கு. அதுக்கு மேல தாள் பேசாது."

"அப்ப என்னதான் உறுதியா சொல்றீங்க?"

"உயில்ல இருக்கிற கையெழுத்தும் நூத்திப் பன்னெண்டு புகார்ல இருக்கிற கையெழுத்தும் ஒரே கை. ஒப்புக்கொண்ட மாதிரிகள்னு எனக்குக் கொடுத்த பதினாலும் வேற கை. அந்தப் பதினாலையும், உங்க கட்சிக்காரர் எழுதிக் கொடுத்த இருபது சீட்டையும் எழுதினது ஒரே ஆளுங்கிறதுக்கு மிக வலுவான ஆதாரம் இருக்கு."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தன் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கடைசியில்கூடக் கேட்கவில்லையே என்ற வருத்தம் இருந்தது.

நீதிபதி மகனைக் கூண்டுக்குக் கூப்பிட்டார். அவன் முன்னால் மூன்று தாளை வைத்தார். வங்கி அட்டை, ஒரு சாக்கடைப் புகார், உயிலின் இரண்டாம் பக்கம்.

"இதுல உங்கப்பா கையெழுத்து எதுன்னு காட்டுங்க."

மகன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வங்கி அட்டையில் விரலை வைத்தான்.

"இதை அவர் போடும்போது நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேனே ஐயா. அந்த அட்டையை வங்கியிலேர்ந்து நான்தான் கொண்டாந்தேன். அப்பாவுக்கு இந்த மாதிரி விண்ணப்பப் பாரமெல்லாம் பிடிக்காது. புகார்னா விடிய விடிய எழுதுவாரு, பாரத்தைக் கண்டா ஓடிடுவாரு. நீயே போட்டுடு, நீயே போட்டுடும்பாரு. நான்தான்..." அங்கே அவன் நின்றான். விரல் இன்னும் அட்டையின் மேல்தான் இருந்தது. "ஸ்கூல்ல ரேங்க் கார்டுல பயந்துக்கிட்டே போட்டது ஐயா மொதல்ல. அவர் கண்டுபிடிச்சாரு. அடிக்கல. நல்லா இருக்கே, என்னோடதைவிட அழகா இருக்கேன்னு சிரிச்சாரு. அதுக்கப்புறம் எல்லாம் நான்தான்."



அம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. இவன் பொய் சொல்லவே இல்லை. அப்பா கையெழுத்து என்றால் இவன் கண்ணுக்கு முப்பது வருஷமாக இந்த ஒன்றுதான். உயிலைப் பார்த்தபோது நிஜமாகவே அது யாரோ ஒருவருடையதாகத் தெரிந்திருக்கிறது. அதுவரை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தவருக்குச் சிரிப்பு நின்றுபோய், அவன்மேல் பாவமாக இருந்தது.

மகன் மற்ற இரண்டு தாளையும் இழுத்துப் பார்த்தான். அந்தச் சுழியை, அந்த இரண்டு புள்ளியை, ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஐயா, கேஸை வாபஸ் வாங்கிக்கறேன்," என்றான். "எங்கப்பா கையெழுத்து எனக்குத் தெரியல."

பின் வரிசையில் மருமகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துக் கைப்பேசியை எடுத்துக் கடைக்குப் பேசினாள். "மெஷினைக் கட்டி வெச்சதெல்லாம் அவிழ்த்துடு. ஆமா, வீடு நமக்குத்தான். மாமா ஜெயிச்சுட்டாரு."

அம்மாள் கோப்புகளைச் சரிபார்த்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். தாழ்வாரத்தில் மகன் நின்றுகொண்டிருந்தான். அதட்டலாக வழக்குப் போட்டவன் மாதிரியே இல்லை.

"மேடம், அந்தக் கடுதாசிங்கள்ல ஒண்ணே ஒண்ணு எனக்குக் கிடைக்குமா? சாக்கடைன்னாலும் பரவால்ல."

"என்கிட்ட கேட்டா எப்படி? அது நகராட்சியோடது. நகல் வேணும்னு மனு எழுதிக் கொடுங்க, கொடுப்பாங்க." கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து நீட்டினார். அவருக்கே உரிய குறும்பு எட்டிப் பார்த்தது. "கீழே உங்க கையெழுத்து போடணும். உங்களோடது."

அவன் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலில் தன் வழக்குக் கோப்பை வைத்து, தாளை அதன்மேல் வைத்து நான்கு வரி எழுதினான். அடியில் வந்ததும் பேனா அந்தரத்தில் நின்றது. கை ஒரு தடவை இடமாகச் சுற்றப் பார்த்தது. சட்டென்று தூக்கிவிட்டான். பிறகு, முதல் வகுப்புப் பையன் போல, நின்று நின்று, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினான்.

தாளை வாங்கிப் பார்த்தார் அம்மாள். தயக்கம், நடுவில் பேனாவைத் தூக்கிய இடங்கள், ஒரே சீரான அழுத்தம். திருட்டுக் கையெழுத்தின் அத்தனை அடையாளமும் இருந்தது.

"சரியா இருக்கா மேடம்?"

"அசல்," என்றார் அம்மாள்.